போன் ஸ்பீக்கரில் பேச்சு புரிய: இசையைக் குறைப்பதா, டக்கிங்கா, ஈக்யூவா?

சமையல் வீடியோக்களுக்குக் குரலும் பின்னணி இசையும் சேர்த்துத் தருகிறேன். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்பவர்கள். இசை பேச்சை மறைக்காமல் இருக்க மூன்று வழிகள் உண்டு: இசையை மொத்தமாகக் குறைப்பது, பேசும்போது மட்டும் தானாகத் தாழ வைக்கும் டக்கிங், குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்யூவால் இசையில் பேச்சுக்கான இடத்தை ஒதுக்குவது. நான் இப்போது மூன்றாவதைத்தான் பயன்படுத்துகிறேன். மூன்றையும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியிலேயே செய்துவிடலாம்.

மொத்தமாகக் குறைப்பது எளிது, பேச்சும் தெளியும். ஆனால் பேச்சு தெளியும் அளவுக்குக் குறைத்தால், போனில் இசை இருப்பதே தெரியாது. அப்புறம் அதைப் போட்டு என்ன பயன்?

டக்கிங்குக்கு ஆடாசிட்டியில் Auto Duck இருக்கிறது. இசை டிராக்கைத் தேர்ந்தெடுத்து, குரல் டிராக்கை அதற்கு நேர் கீழே வைத்தால் போதும். குரல் −30 டெசிபலைத் தாண்டும்போது இசை 12 டெசிபல் தாழும், பேச்சு நின்றதும் மேலே வரும். ஹெட்போனில் கேட்டால் அழகாகவே இருக்கும்.

தமிழ்ப் பேச்சுக்கு இது சறுக்குவது வாக்கியத்தின் கடைசியில். நம் வினைச்சொல்லும் எதிர்மறையும் அங்கேதான் வருகின்றன, குரல் இறங்குவதும் அங்கேதான். "இந்த நேரத்துல தண்ணி சேர்க்க வேண்டாம்" என்று ஒருவர் சொல்கிறார். "தண்ணி" பளிச்சென்று வருகிறது, "வேண்டாம்" மூச்சோடு கரைகிறது. அந்தக் கரையும் குரல் −30-க்குக் கீழே போனதும், பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு இசை ஏற ஆரம்பிக்கும். கேட்பவர் காதில் "தண்ணி சேர்க்க" மட்டும் விழும். சேர்க்கணுமா, வேண்டாமா?

எல்லையை −40-க்கு இறக்கலாம். அமைதியான அறையில் பதிவு செய்த குரல் என்றால் அது சரிவரும். மின்விசிறி ஓடும் அறை என்றால் அந்த இரைச்சலையே பேச்சாக எடுத்துக்கொண்டு, இசை மேலே வராமலே போகலாம். குரலை முதலில் கம்ப்ரஸரில் போட்டுச் சமப்படுத்தினால் ஓரளவு சரியாகும், ஆனால் விசிறிச் சத்தமும் கூடவே எழும். இன்னொன்று: Auto Duck இசை டிராக்கின் ஒலியையே மாற்றிவிடுகிறது. பிறகு குரலில் ஒரு வரியை வெட்டினால் தாழ்வுகள் இடம் மாறி நிற்கும். பழைய இசையை மீண்டும் போட்டு, முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஈக்யூ வழியில் இசை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அதனால் "வேண்டாம்" எவ்வளவு மெல்ல வந்தாலும் அதன் மேல் இசை எழாது.

சின்ன ஸ்பீக்கரில் சுமார் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். தம்பூராவைப் பின்னணியில் வைத்தால் ஹெட்போனில் கனமான சுருதி கேட்கும். போனில் அந்த அடி ஒலி போய், மேலே இருக்கும் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகளில் பெரும்பகுதி 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது, ரீங்காரமும் அங்கேயே வந்து உட்கார்கிறது. எனவே இசை டிராக்கில் Filter Curve EQ திறந்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரித்து விடுகிறேன். 1000 முதல் 4000 வரை 6 டெசிபல் அளவுக்கு மெதுவான பள்ளம் போடுகிறேன். பள்ளத்தின் ஓரங்கள் செங்குத்தாக இருந்தால் இசை டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும். புல்லாங்குழல், வயலின் மெட்டுகளுக்கு இந்தப் பள்ளம் அதிகம் உதவாது, ஏனென்றால் மெட்டு முழுவதுமே பேச்சின் இடத்தில்தான் ஓடுகிறது. அவற்றுக்குப் பதில் வேறு இசை தேடுவதே மேல்.

பிறகு அளவு. Analyze மெனுவில் உள்ள Contrast, பேச்சுக்கும் இசைக்கும் உள்ள வித்தியாசத்தை டெசிபலில் சொல்லும். குரல் மட்டும் உள்ள பகுதியை முன்னணியாகவும் இசையைப் பின்னணியாகவும் தனித்தனியே அளக்க வேண்டும். இணைய அணுகல் நெறியான டபிள்யூசிஏஜியின் மிகக் கடுமையான நிலை கேட்பது குறைந்தது 20 டெசிபல். பள்ளம் போட்ட இசைக்கு 16 போதும் என்று எனக்குப் படுகிறது. வயதானவர்கள் கேட்பதற்கு என்றால் 20-ஐ விடமாட்டேன்.

சோதிப்பது போனில்தான், அதுவும் பாதி வால்யூமில், மின்விசிறியை ஓடவிட்டு. பேசும் வரிகளை முன்பே தெரியாத ஒருவரைக் கேட்கவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எழுதியவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும்.

இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பேசும் பேட்டிகளில் இந்த வழியை நான் அதிகம் செய்து பார்த்ததில்லை. தொடக்கத்தில் இசை முழுதாக ஒலித்து, பேச்சு வந்ததும் அடங்க வேண்டும் என்றால், அந்த ஓர் இறக்கத்தைக் கையாலேயே Envelope Tool வைத்து வரைந்துவிடுகிறேன். அதற்கும் Auto Duck தேவைப்படவில்லை.