நாலு கட்டமா, அஞ்சு கட்டமா: ஒரு அரிசி ஆலையில் ஆறு வருட அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் அலுவலகப் பொறுப்பு பார்க்கிறேன். வருடம் ஒருமுறை ஊழியர்களை மதிப்பிடும் படிவத்தை நான்தான் தயார் செய்கிறேன். முதல் மூன்று வருடம் அஞ்சு புள்ளி, அடுத்த மூன்று வருடம் நாலு புள்ளி என்று இரண்டையும் முழுசாக ஓட்டிப் பார்த்தாயிற்று.

அஞ்சு புள்ளிப் படிவத்தில் மிக மோசம், குறைவு, சராசரி, நன்று, மிக நன்று என்று கட்டங்கள் இருந்தன. மூன்றாவது வருடம் எல்லாப் படிவத்தையும் மேஜையில் பரப்பி வைத்தேன். நடவுக்குக் கயிறு பிடித்த மாதிரி டிக் எல்லாம் நடுக்கட்டத்தில் நேர்கோடாக இறங்கியிருந்தது. இரவு ஷிப்ட் சூப்பர்வைசரிடம் கேட்டேன்: "அண்ணே, எல்லாருக்கும் எல்லாத்துக்கும் மூணுதானா?"

அவர் மறைக்காமல் சொன்னார். "சில பேரு நெசமாவே சராசரிதான் தம்பி. சில பேரு பகல் ஷிப்ட், அவங்க வேலைய நான் பாத்ததே இல்ல. ரெண்டு பேரு எங்க தெருக்காரங்க. குறைச்சுப் போட்டா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியுமா?"

எனக்கு விஷயம் அங்கேதான் விளங்கியது. சராசரி, பார்க்கவில்லை, சொல்ல விருப்பமில்லை என்ற மூன்று பதிலும் ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடந்தன. அதைக் கூட்டி வகுத்து ஊதிய உயர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மறு வருடம் நடுக்கட்டத்தை எடுத்துவிட்டேன். அதிலேயே சரியாகிவிடும் என்று நம்பினேன், ஆகவில்லை. ஒருவர் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே டிக் போட்டிருந்தார். மற்றவர்கள் அப்படியே மேலே ஏறி 'நன்று' கட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் இடம் இல்லையென்றதும் எங்கள் ஆட்கள் தாராளப் பக்கம்தான் சாய்ந்தார்கள். 'குறைவு' என்ற சொல்லை ஒருவர் பெயருக்கு எதிரே எழுத யாருக்கும் கை வராது.

அந்த வருடம் இன்னொரு தவறும் நடந்தது. அஞ்சு புள்ளியில் ஆலையின் சராசரி 3.1, நாலு புள்ளியிலும் 3.1. "ஒண்ணும் முன்னேறலையே" என்றார் முதலாளி. ஒன்றிலிருந்து தொடங்கும் அளவில், ஒன்றைக் கழித்து, கட்டங்களுக்கு இடையே இருக்கும் படிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும்:

```
(3.1 - 1) / 4 = 0.525
(3.1 - 1) / 3 = 0.70
```

இப்படிப் பார்த்தால் மதிப்பு ஏறியிருக்கிறது. ஆனால் அதையும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மூன்றாம் கட்டத்தின் பெயர் 'சராசரி'யிலிருந்து 'நன்று' என்று மாறியதே பாதிக் காரணம். அளவை மாற்றிய வருடத்தைப் பழைய வருடத்தோடு ஒப்பிடாமல் புதுக்கணக்காகவே தொடங்குவது நல்லது.

நாலு புள்ளியின் இரண்டாவது வருடம் இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, நாலு கட்டத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, 'நான் பார்க்கவில்லை' என்று தனிக் கட்டம். அதற்கு மதிப்பெண் கிடையாது, சராசரியிலும் சேராது. இரண்டாவது, நன்று, குறைவு என்ற சொற்களையே தூக்கிவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய செயலை எழுதினேன். டிரையர் ஓட்டுபவருக்கு வைத்தது இது. அவித்த நெல்லை 14 சதவீதம் ஈரம் வரை காயவைக்க வேண்டும். காய்ச்சல் ஒழுங்காக இல்லையென்றால் அரைக்கும்போது குருணை கூடிவிடும். அதனால் மாய்ஸ்சர் மீட்டரை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதையே படிகளாக்கினேன்:

1 – சொன்னால்தான் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்.
2 – தானே பார்க்கிறார், நோட்டில் எழுதுவது விட்டுப்போகிறது.
3 – மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதுகிறார்.
4 – எழுதுவதோடு, ஈரம் முன்பின்னாக இருந்தால் மில் ஓட்டுபவரிடம் முன்னாடியே சொல்லிவிடுகிறார்.

வேலையை ஒழுங்காகச் செய்தால் மூன்று. அஞ்சு புள்ளியில் 'சராசரி' வாங்கி மனசு வாடிய நல்ல வேலைக்காரர்கள் இதில் வாடவில்லை. இரண்டு போடவும் சூப்பர்வைசர் தயங்கவில்லை, நோட்டில் வெற்று வரி இருப்பதைக் காட்டிவிடலாம் அல்லவா.

இதிலும் குறை உண்டு. பாதிக்கு மேற்பட்டவர்கள் மூன்றில் நிற்கிறார்கள், அவர்களுக்குள் யார் ஒரு படி மேல் என்று இந்தப் படிவம் சொல்லாது. முதல் மூன்று பேரைத் தேர்ந்து பரிசு கொடுக்க வேண்டுமென்றால் வேறு வழிதான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் நாலு வரி எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது, அந்தந்த ஆளோடு உட்கார்ந்துதான் எழுத முடிந்தது. ஊழியர்களிடம் கேன்டீன், ஷிப்ட் நேரம் பற்றிக் கருத்துக் கேட்கும் தாளில் அஞ்சு புள்ளியையே வைத்திருக்கிறேன். அங்கே 'இரண்டும் இல்லை' என்பது உண்மையான பதில்.

படிவம் கொடுக்கும் மாதத்தையும் மாற்றினேன். முன்பு சம்பா அறுவடை நெல் வந்து குவியும் பிப்ரவரியில் கொடுப்போம், லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே டிக் அடிப்பார்கள். இப்போது மே மாதம்.

போன மே மாதம் இரவு சூப்பர்வைசரின் படிவத்தில் பகல் டிரையர்காரருக்கு எதிரே 'நான் பார்க்கவில்லை' இருந்தது. பகல் சூப்பர்வைசர் இரண்டு போட்டு, பக்கத்தில் விட்டுப்போன நாலு தேதிகளை எழுதியிருந்தார். அந்த டிரையர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நாலு நாளும் மீட்டர்ல பேட்டரி இல்ல சார்" என்றார். ஸ்டோர் புத்தகத்தைப் பார்த்தேன், பேட்டரி கேட்டு அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டை அடித்து மூன்றாக்கினோம். பேட்டரி வாங்காமல் விட்டது அலுவலகம்.