அடுத்த நல்ல சின்ன கேம் எங்கே? ஸ்டீம், நெக்ஸ்ட் ஃபெஸ்ட், ஐ.ஜி.எஃப், இட்ச் – நாலு வழிகளும் நேருக்கு நேர்

வருஷா வருஷம் அதே துப்பாக்கி கேமுக்குப் புது எண் போட்டு வருகிறது, அதே கால்பந்து கேம் புது அணிப்பட்டியலோடு வருகிறது. சலித்துப்போய், வேறு ஏதாவது விளையாடலாம் என்று ஸ்டீமைத் திறந்தால் முகப்பிலும் அதே பெயர்கள்தான். காரணம் எளிது. 2017-இலிருந்து ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யாரும் ஸ்டீமில் வெளியிடலாம். 2024-இல் மட்டும் 18,000-க்கு மேல் கேம்கள் வந்தன. அத்தனையையும் முகப்பில் காட்ட முடியாது என்பதால் ஏற்கெனவே விற்கிறதுதான் மேலே வருகிறது.

சின்ன ஸ்டூடியோ கேம்களைத் தேட நாலு நல்ல வழிகள் இருக்கின்றன. பொதுவாக ஒப்பிட்டால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அதனால் ஒரே கேமை விதையாக வைத்து, ஒவ்வொரு வழியிலும் என்ன முளைக்கிறது என்று பார்ப்போம். விதை, 2018-இல் வந்த Return of the Obra Dinn. காணாமல் போய் 1807-இல் ஆளில்லாமல் திரும்பும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். அதில் போன 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று நாம்தான் கண்டுபிடித்து எழுத வேண்டும்.

தேடப் போகும் முன், அந்த கேமில் எது பிடித்தது என்பதைச் சரியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். 'துப்பறியும் கேம்' என்பது போதாது. ஓப்ரா டின்னில் மூன்று பேரின் விதியைச் சரியாக எழுதிய பிறகுதான் 'சரி' என்று கேம் ஒப்புக்கொள்ளும். ஒவ்வொன்றாக உறுதி செய்தால் பட்டியலில் உள்ள பெயர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே முடித்துவிடலாம். மூன்று மூன்றாக உறுதி செய்வதால் குருட்டு யூகம் எடுபடாது, யோசித்தே ஆக வேண்டும். நாம் தேடுவது அந்தக் குணத்தை.

ஸ்டீமின் சொந்தக் கருவிகள்

டிஸ்கவரி க்யூவை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். ஒரு தடவைக்கு 12 கேம் காட்டுகிறது, அதில் புதிதாக விற்பவையே நிறைய. டேகுகளும் தனியாக உதவாது. Detective டேகை அழுத்தினால் ஒளிந்திருக்கும் பொருளைத் தேடும் கேம்களும், வசனத்தை அழுத்திக்கொண்டே போகும் கதைகளும்தான் வந்து குவியும். டேகுகளைப் போடுவது பெரும்பாலும் விளையாடுகிறவர்கள். பலர் போட்டது முன்னால் நிற்கும். ஆகவே ஒரு கேமின் பக்கத்தில் முதல் ஐந்து டேகுகளைப் பாருங்கள். Detective பத்துக்கு அப்பால் இருந்தால் அந்த கேமின் வேலையே வேறு.

உருப்படியாக இருப்பவை இரண்டு. ஒன்று, 'இதைப் போன்றவை' பக்கம். கேமின் முகவரியில் app என்பதற்குப் பின்னால் வரும் எண்ணை இப்படிச் சேர்த்தால் வரும்:

```
store.steampowered.com/recommended/morelike/app/653530
```

அந்த எண் ஓப்ரா டின்னுடையது. வருகிற பட்டியலில் பிரபலமானவை முன்னால் நின்றாலும் The Case of the Golden Idol போன்ற ஒன்று கண்ணில் படும். 2022-இல் லாட்வியாவிலிருந்து இரண்டு சகோதரர்கள் செய்தது. உறைந்த காட்சியில் சொற்களைப் பொறுக்கி, கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். முழுக்கச் சரியில்லை என்றால், தவறு இரண்டு அல்லது அதற்குள் இருக்கும்போது மட்டும் அதைச் சொல்லும். மூன்று மூன்றாக உறுதி செய்வதற்கு நெருங்கிய உறவு இது.

இன்னொன்று இன்டராக்டிவ் ரெக்கமண்டர்.

```
store.steampowered.com/recommender
```

இது டேகைப் பார்ப்பதில்லை. உங்களைப் போல நேரம் செலவழித்தவர்கள் வேறு எதில் மணிக்கணக்காக இருந்தார்கள் என்று பார்க்கிறது. பிரபலமானது என்ற முனையிலிருந்து அரிதானது என்ற முனைவரை ஓர் இழுவை இருக்கிறது. அதை அரிதான பக்கம் முழுக்கத் தள்ளுங்கள். பட்டியல் முற்றிலும் மாறும். குறை இரண்டு. உங்கள் கணக்கில் 900 மணி நேரம் ஒரே துப்பாக்கி கேமில் இருந்தால் அதன் அக்கம்பக்கம்தான் வரும், டேக் வடிகட்டியை வைத்து ஒதுக்கித்தான் பார்க்க வேண்டும். இன்னும் ஆட்கள் சேராத புத்தம்புது கேம் இதில் வரவே வராது.

விமர்சன எண்ணிக்கையைப் படிப்பதும் ஒரு கைப்பழக்கம். 10 விமர்சனம் சேர்ந்த பிறகுதான் ஸ்டீம் மதிப்பீட்டுச் சொல்லையே காட்டும். 95 சதவீதம் சாதகமாக இருந்தாலும் 500 விமர்சனம் தாண்டாமல் Overwhelmingly Positive கிடைக்காது. எனவே அந்தச் சொல்லை வைத்துத் தேடுகிறவர் கவனிக்கப்படாத கேம்களை முதலிலேயே வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறார். தேட வேண்டிய இடம் 50-க்கும் 300-க்கும் இடையில், 90 சதவீதத்துக்கு மேல். அங்கே பாராட்டுகளை விட்டுவிட்டு எதிர்மறை விமர்சனங்களை மட்டும் படியுங்கள், நாலைந்துதான் இருக்கும். 'குறிப்பே கொடுக்கவில்லை', 'நோட்டுப் புத்தகம் வைத்து எழுத வேண்டியிருக்கிறது' என்று புலம்பியிருந்தால் ஓப்ரா டின் பிரியருக்கு அது பரிந்துரை. 'சேவ் அழிந்துவிட்டது' என்று இருவர் சொல்லியிருந்தால் தேதியைப் பார்த்து, அதற்குப் பிறகு கேமுக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று செய்திப் பகுதியில் தேடுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுவதே நல்லது.

நெக்ஸ்ட் ஃபெஸ்ட்

ஸ்டீமே நடத்தும் விழா இது. பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என வருஷத்துக்கு மூன்று முறை, ஒரு வாரம், இன்னும் வெளிவராத கேம்களின் இலவச டெமோக்கள். ஒரு கேம் ஒரு தடவைதான் கலந்துகொள்ள முடியும், ஆகவே ஒவ்வொரு முறையும் சரக்கு புதிது. ஆனால் 2,000-க்கும் மேல் டெமோக்கள் வரும். முன்னால் நிற்கும் பட்டியல்களில் பல விஷ்லிஸ்ட் எண்ணிக்கையை வைத்தவை, அதாவது ஏற்கெனவே விளம்பரம் கிடைத்தவை. டேக் வடிகட்டிக்குப் போய் Investigation, Logic இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் பட்டியல் கைக்கு அடங்கும்.

டெமோவில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் இருபது நிமிஷம் நன்றாக இருப்பது எந்த கேமிலும் சாத்தியம். துப்பறியும் கேமில் சோதனை வேறு மாதிரி: வேண்டுமென்றே தவறான பதிலைப் போட்டுப் பாருங்கள். 'இந்தச் சொல் தவறு' என்று உடனே காட்டிக் கொடுத்தால் மீதி கேமும் யூகித்தே முடிந்துவிடும், அழித்துவிடலாம். பிடித்ததை விஷ்லிஸ்டில் போடாமல் மூடாதீர்கள். விழா முடிந்ததும் பல டெமோக்கள் எடுக்கப்பட்டுவிடும், பெயர் மறந்தால் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பணம் செலவில்லை என்றாலும் நேரம் தின்னும் வழி இது. விழாவுக்கு ஒரு மாலை, ஐந்து டெமோ, அதற்கு மேல் வேண்டாம்.

ஐ.ஜி.எஃப் பட்டியல்

இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பரிசுகள் ஆண்டுதோறும் சான் பிரான்சிஸ்கோவில் ஜி.டி.சி மாநாட்டில் தரப்படுகின்றன. 2019-இல் பெரிய பரிசு ஓப்ரா டின்னுக்கே போனது. 2024-இல் அதே பரிசை வென்றது டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்த Venba. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், எழுத்து அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பு, அதை வைத்து இட்லியிலிருந்து பிரியாணிவரை சமைத்துக் கண்டுபிடிக்கும் புதிர்கள்.

வென்றவை பெரும்பாலும் ஊரறிந்தவை. புதையல் இருப்பது ஒவ்வொரு பிரிவிலும் இறுதிச் சுற்றுக்குக் கீழே தரப்படும் Honorable Mentions பட்டியலில். அதிலும் Nuovo, Excellence in Design, Excellence in Narrative மூன்றை மட்டும் படித்தால் போதும். வென்றும் அதிகம் பேசப்படாதவையும் உண்டு. 2023-இன் பெரிய பரிசு Betrayal at Club Low என்ற கேமுக்கு. பீட்சா கொண்டுபோகும் ஆளாக வேஷம் போட்டு இரவு விடுதிக்குள் நுழைய, பகடையின் முகங்களையே காசு கொடுத்து உயர்த்திக்கொண்டு போக வேண்டும்.

மனிதர்கள் விளையாடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் என்பதால் இங்கே குப்பை மிகக் குறைவு. ஆனால் நமக்கு வேண்டிய குணத்தை வைத்துத் தேட முடியாது. பத்தில் ஒன்று ஓப்ரா டின் பிரியருக்குப் பொருந்தினால் அதிகம். என்ன வேண்டும் என்றே தெரியாத அளவுக்குச் சலிப்பு வந்திருந்தால், இதுதான் முதல் வழி.

இட்ச்

யாரும் தங்கள் கேமை வெளியிடக்கூடிய தளமான itch.io-வில் இறங்கினால் பள்ளி மாணவரின் முதல் முயற்சியும் மேதையின் சோதனையும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். இருந்தும் ஓப்ரா டின் விதைக்கு மிகச் சிறந்த விளைச்சல் இங்கேதான்.

ஒரு தலைப்பைக் கொடுத்துக் குறுகிய காலத்தில் கேம் செய்யச் சொல்லும் நிகழ்ச்சி குளோபல் கேம் ஜாம். அதன் 2023 தலைப்பு 'வேர்கள்'. அதற்காகச் செய்யப்பட்ட The Roottrees are Dead இட்சில் இலவசமாக வந்தது. 1998, மிட்டாய்க் கம்பெனி நடத்தும் பணக்காரக் குடும்பம், ஒரு விமான விபத்து. மெதுவான அந்தக் கால இணையத்தில் பெயர்களைத் தேடித் தேடிக் குடும்ப மரத்தை நிரப்ப வேண்டும். இதிலும் மூன்று பதில் சரியானால்தான் கேம் உறுதி செய்யும். செப்பனிட்ட விலைப் பதிப்பு ஸ்டீமுக்கு வந்தது 2025 ஜனவரியில்! இட்சைப் பார்த்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு வருஷம் முன்னாலேயே கிடைத்துவிட்டது. Type Help என்பதும் அப்படித்தான். பிரவுசரில் ஓடும், இலவசம், படமே கிடையாது. கோப்புகளின் பெயர் அமைப்பைப் புரிந்துகொண்டு, எந்த நேரத்தில் எந்த அறையில் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்து அடுத்த கோப்பின் பெயரை நாமே தட்டச்சு செய்தால்தான் கதை திறக்கும்.

தேடும் முறை: இடப்பக்க வடிகட்டியில் Web, Free இரண்டையும் போட்டு, டேகில் mystery அல்லது detective சேர்த்து, வரிசையை Top Rated என மாற்றுங்கள். பிடித்த கேம் கிடைத்ததும் அதன் கருத்துப் பகுதியைப் படியுங்கள். 'இது பிடித்தால் அதையும் பாருங்கள்' என்று விளையாடியவர்கள் அங்கே எழுதும் பெயர்கள் எந்தக் கருவி தருவதையும்விடத் துல்லியம். செய்தவரை ஃபாலோ செய்தால் அடுத்த வேலையும் தேடாமலே வரும்.

சிக்கல் இறக்கிக்கொள்ளும் கோப்புகளில். பல சின்ன ஸ்டூடியோக்கள் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்குவதில்லை, அதனால் விண்டோஸ் நீலத் திரையில் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்தாலே வைரஸ் என்று பொருளில்லை, ஆனால் கேம் என்ற பெயரில் தகவல் திருடும் மென்பொருள் பரப்புகிறவர்களும் உண்டு. நேற்றுத் தொடங்கிய கணக்கு, ஒரு கருத்தும் இல்லாத பக்கம், யாரோ சாட்டில் அனுப்பிய இணைப்பு என்றால் தொடாதீர்கள். மற்றவற்றை இட்ச் செயலி வழியாக, அதன் அமைப்பில் சாண்ட்பாக்ஸை இயக்கிவிட்டுத் திறங்கள். பிரவுசரில் ஓடுவதற்கு இந்தத் தொல்லையே இல்லை.

விலையிலும் வித்தியாசம் உண்டு. ஸ்டீமில் இந்தியாவுக்கு ரூபாய் விலை, பெரும்பாலும் டாலர் விலையைவிடக் குறைவு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணமும் திரும்பும். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கேமை முழுக்க விளையாடிவிட்டு அந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள், அந்த அடி நேராக இரண்டு பேர் ஸ்டூடியோவின் மேல் விழும். இட்சில் விலை டாலரில். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும்.

இன்று இரவு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பிரவுசரில் Type Help-ஐத் திறங்கள். பிடித்துப்போனால் The Roottrees are Dead-ஐ ஸ்டீமில் விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள், தள்ளுபடி வந்ததும் மின்னஞ்சல் வரும்.