ஹைட்டி அரிசியும் வங்கதேசச் சட்டையும்

நடுவர் அவர்களே, தடையற்ற வணிகம் ஏழை நாடுகளுக்கு நல்லதா என்று கேட்கிறோம். அதில் யாருடைய சந்தை முதலில் திறக்கிறது என்பதே என் கேள்வி.

தி.நகரில் சட்டைக் காலரைத் திருப்பினால் ‘மேட் இன் பங்களாதேஷ்’ என்றிருக்கும். 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சட்டைக்கு வரி கேட்பதில்லை. வங்கதேசமோ ஏற்றுமதிக்கான துணியை வரியில்லாமல் விட்டது. மற்ற பல பொருள்கள் மீது உயர்ந்த வரியை வைத்துக்கொண்டது. லட்சக்கணக்கான பெண்களுக்குத் தையல் வேலை கிடைத்தது. கூலி குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

கரீபியன் நாடான ஹைட்டியில் தலைகீழ். 1990களின் நடுவில் அரிசி மீதான வரியை 3 சதவீதமாக்கினார்கள். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. அங்கே நெல் விளையும் ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கு விவசாயிக்கு அந்த விலை கட்டவில்லை. சரி, வாங்குகிறவருக்கு லாபம்தானே என்பீர்கள். 2008இல் உலக விலை ஏறியதும் அதுவும் போய், மக்கள் பசியோடு தெருவுக்கு வந்தார்கள். வரியைக் குறைத்தபோது அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டனே, 2010இல் அந்த வரிக்குறைப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார்.