முப்பது நாள் ஆப் கடன்: "மாதம் 2%" வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஓணத்துக்கு முன்னால் கடையில் சரக்கு நிறைய இறக்கியாக வேண்டும். பொள்ளாச்சியில் ரொக்கம் வைத்தால்தான் விலை படியும், விற்ற காசு திரும்ப வந்து சேர ஒரு மாதம் பிடிக்கும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் சில வருஷமாக போன் ஆப் ஒன்றில் முப்பது நாள் கடன் எடுத்து வருகிறேன். வேகத்தில் குறையே இல்லை: விண்ணப்பித்த அன்றைக்கே பணம் கணக்கில் ஏறிவிடும், யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. இங்கே எழுத நினைப்பது அதன் விலையைப் பற்றி.

ஆப்பின் முதல் திரையில் பெரிய எழுத்தில் "வட்டி மாதம் 2%" என்று இருக்கும், அதாவது வருஷத்துக்கு 24. ஆனால் 10,000 ரூபாய் கடன் எடுத்தால் 10,000 கைக்கு வராது. பிராசசிங் கட்டணம் 500, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,410 அனுப்புவார்கள். முப்பதாம் நாள் கட்ட வேண்டியது அசல் 10,000, வருஷம் 24 சதவீதத்தில் முப்பது நாளுக்கு வட்டி 197, மொத்தம் 10,197. வட்டி மட்டும் பார்த்தால் சொன்ன சொல் மாறவில்லை. மொத்தச் செலவோ 787 ரூபாய்.

இதை வருஷக் கணக்குக்கு மாற்ற மூன்று எண் போதும்: கணக்கில் வரவு வரும் தொகை, திருப்பிக் கட்டும் தொகை, இடையில் உள்ள நாட்கள். போன் கால்குலேட்டரில் இப்படிப் போடுவேன்:

```
(10197 - 9410) / 9410 * 365 / 30 * 100 = 101.76
```

வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 102 சதவீதம். 24 என்று சொன்னது நாலு மடங்குக்கு மேல் போய்விட்டது. இங்கே 10,000-ஆல் வகுக்காமல் 9,410-ஆல் வகுத்திருப்பதைக் கவனியுங்கள். நாம் முப்பது நாள் புழங்கியது 9,410 மட்டும்தான், 590 ரூபாய் அவர்கள் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. 10,000-ஆல் வகுத்தால் 96 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கட்டணம் பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசமும் பெரிதாகிக்கொண்டே போகும்.

கடைக்குப் பால் ஊற்றுகிற தம்பி ஒருவர் என் போனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கண்ணா, நம்மூர்ல மூணு வட்டிக்குக் குடுக்கறாங்க, இதுல ரெண்டு வட்டிதானே போட்டிருக்கு? இது கம்மிதானுங்களே?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்றுதான் நாம் கடனை அளந்து பழகியிருக்கிறோம். பில் புக்கைத் திருப்பி, பின்பக்கத்தில் இரண்டையும் எழுதிக் காட்டினேன். ஊர்க்காரர் மூணு வட்டிக்கு முன்வட்டி பிடித்துக் கொடுத்தால் 9,700 கைக்கு வரும், 10,000 திருப்ப வேண்டும். அது வருஷத்துக்கு 37.6 சதவீதம். ஆப்பில் 787-ஐ 9,410-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 8.36, நம் பேச்சில் எட்டேகால் வட்டிக்கு மேல். உரிமம் இல்லாத ஆளிடம் கடன் வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை, அதில் வேறு தொந்தரவுகள் உண்டு. ஆனால் "ரெண்டு வட்டி" என்று நம்பி யாரும் ஆப்புக்குள் போகக் கூடாது.

நகைக்கடனையும் இதே தராசில் போட வேண்டும். 12 சதவீத வட்டி, மதிப்பீட்டுக் கட்டணம் 100 ரூபாய் முன்னால் கட்டுவது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளில் மீட்டால் வட்டி 99, மொத்தச் செலவு 199, வருஷக் கணக்கில் 24.5 சதவீதம். 12 என்று சொன்னது இங்கேயும் இரட்டிப்பாகிறது. ஒரே தடவை வாங்குகிற கட்டணம் எதுவானாலும், நாள் குறையக் குறைய வருஷ சதவீதம் ஏறும்.

நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தில்தான். சரக்கு சீக்கிரம் விற்று, ஆப் கடனைப் பத்தாம் நாளே அடைத்தால் வட்டி 66 ரூபாய்தான், ஆனால் பிடித்த 590 திரும்பாது. செலவு 656. பத்து நாளுக்கு அதை வருஷமாக்கினால் 254 சதவீதம்! சீக்கிரம் அடைத்தது தப்பா என்றால் இல்லை, 131 ரூபாய் மிச்சம்தானே. வருஷ சதவீதம் என்பது இரண்டு கடனில் எது மலிவு என்று எடுக்கும் முன்னால் ஒப்பிட உதவுவது. எடுத்த பிறகு எப்போது அடைப்பது என்று முடிவு செய்ய, இன்னும் எத்தனை ரூபாய் செலவாகும் என்று பார்த்தால் போதும். கட்டணம் போய்விட்டது, மீதியை மட்டும் பாருங்கள்.

"முப்பது நாளுக்குத்தானே, வருஷ சதவீதம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கெடு வந்ததும் ஆப்பே "புதுப்பிக்கவா?" என்று கேட்கும். வட்டி 197 கட்டி, மறுபடி 590 கட்டணம் கொடுத்தால் இன்னொரு முப்பது நாள். இப்படிப் பன்னிரண்டு தவணை ஓட்டினால் செலவு மட்டும் 9,444 ரூபாய். முதல் நாள் கைக்கு வந்தது 9,410. அசல் 10,000 அப்படியே நிற்கும். முப்பது நாளில் உறுதியாகக் காசு திரும்பும் என்றால் 787 ரூபாயை சரக்கின் லாபத்தோடு வைத்துப் பார்க்கலாம். எனக்கு ஓணச் சரக்கில் அது கட்டுப்படியாகிறது. வீட்டுச் செலவுக்கோ பழைய கடனை அடைக்கவோ நான் இதை எடுப்பதில்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் எடுக்கும் முன்பே கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் என்ற தாளைக் காட்ட வேண்டும், அதில் ஏ.பி.ஆர். என்று வருஷ சதவீதம் இருக்கும். நமக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்பதும் விதிதான். பாலக்காட்டு பின்கோடைப் பார்த்து மலையாளத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள். ஏழு நாளும் அதற்கு மேலும் ஓடுகிற கடனுக்கு அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும் என்பதால், உடனே பட்டனை அமுக்க வேண்டிய அவசரம் இல்லை. என் ஆப்பின் ஏ.பி.ஆர். பெரும்பாலும் என் கணக்கோடு ஒத்துப்போனது. ஒருமுறை மட்டும் என் கணக்கு 115.8 காட்டியது, தாளில் 101.8 இருந்தது. தேடிப் பார்த்தால் "உறுப்பினர் சலுகை" என்று 99 ரூபாய்க்கு ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். டிக்கை எடுத்ததும் இரண்டு எண்ணும் சேர்ந்தன. முப்பது நாள் கடனில் 99 ரூபாய் வருஷக் கணக்கில் 14 சதவீதம்.

ஏ.பி.ஆரில் சேராத ஒன்றும் உண்டு. தாமதக் கட்டணமும், கெடு நாளில் கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் போடும் அபராதமும் தாளில் தனிப் பகுதியில் இருக்கும். அப்படித் திரும்பினால் நம் வங்கியும் தன் பங்குக்குக் கட்டணம் பிடிக்கலாம். அதனால் கெடுவுக்கு முந்தின நாளே 10,197 கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன். ஓண வாரத்தில் வாடிக்கையாளர்கள் கடன் சொல்லிப் போவார்கள் என்பதால், கெடு ஓணத்துக்குப் பிறகு பத்து நாளாவது தள்ளி விழும்படி பார்த்துத்தான் கடனை எடுக்கிறேன்.