கைப்பிடிச்சுவரிலா, தளத்திலா? டிஷ் ஆன்டெனாவும் காற்றும்

மதுரையின் திருநகரிலும் ஆனையூரிலும் மொட்டைமாடிகளில் பல டிஷ்கள் கைப்பிடிச்சுவருக்கு மேலே நீண்ட குழாயில் நிற்கின்றன. உயரத்தில் வைத்தால்தான் படம் தெளிவாக வரும் என்ற எண்ணம் மதுரைக்குப் பொருந்தாது. நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள்ளேயே இவ்வூர் இருப்பதால், 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 77 பாகை உயரத்திலும், 95 பாகையில் உள்ளது 67 பாகை உயரத்திலும் தெரிகின்றன. எனவே மூன்றடிச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித் தளத்தில் வைத்த டிஷ்ஷைச் சுவர் மறைப்பதில்லை.

காற்றின் கணக்கையும் பார்ப்போம். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை மதுரைக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் 60 செ.மீ. டிஷ்ஷின் மீது காற்று நேராக மோதினால் சுமார் 35 கிலோ எடைக்குச் சமமான விசை உண்டாகும். சுவருக்கு மேல் மூன்றடி உயரத்தில் டிஷ் இருந்தால், அவ்விசை ஆறடி நெம்புகோலாகச் சுவரின் அடியைப் பெயர்க்க முயலும். அந்தத் திருப்புவிசையின் அளவு 64 கிலோகிராம்-மீட்டர். நாலரை அங்குலச் செங்கல் சுவரின் ஒரு மீட்டர் நீளம் தன் எடையால் மட்டும் எதிர்க்கக்கூடியது 11 தான். மீதி முழுவதும் பழைய கலவையின் பிடிப்பை நம்பியே இருக்கிறது. இதனாலேயே விரியும் ஆங்கர் போல்ட்டைச் சுவரின் மேல்விளிம்பில் அடிப்பதை நான் ஏற்பதில்லை: விரியும்போதே அது செங்கல்லைப் பிளக்கிறது. போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, ஆடிக்காற்றில் மட்டும் படம் உறைந்தாலோ, பிடிப்பு தளர்ந்துவிட்டதா என உடனே பார்க்க வேண்டும். இந்த அளவுள்ள டிஷ் ஒன்றரை பாகை திரும்பினாலே சிக்னல் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

தளத்தில், 80 செ.மீ. சதுர இரும்புச் சட்டத்தில் டிஷ்ஷின் நடுப்பகுதி இரண்டடி உயரத்தில் இருக்குமாறு நிறுத்தி, தலா 25 கிலோ எடையுள்ள நான்கு சாலிட் பிளாக்குகளை ஏற்றினால், கவிழ்க்கும் விசையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எதிர்ப்பு கிடைக்கிறது. தட்டோட்டைத் துளைக்க வேண்டியதில்லை என்பதால் ஐப்பசி மழையில் கசிவும் இராது. சட்டத்தின் அடியில் ரப்பர் துண்டுகளை வைத்தால் ஓடு கீறாது, சட்டமும் எளிதில் நகராது. டிஷ்ஷுக்கு இதுவே சிறந்தது.

தொலைவிலுள்ள கோபுரத்தை நேராகப் பார்க்க வேண்டிய வைஃபை ஆன்டெனாவுக்கோ உயரம் தவிர்க்க முடியாதது. அதற்கு ஒன்பது அங்குலச் சுவரே வேண்டும். அதிலும் இரு சுவர்கள் சேரும் மூலை நல்லது. போல்ட்டைச் சுவரின் மறுபுறம் வரை செலுத்தி, அங்கே அகன்ற இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும். இரு கிளாம்புகளுக்கும் இடையே இரண்டடி இருக்கட்டும். ஓரடியாகக் குறைத்தால் மேல் போல்ட்டின் மீது விழும் இழுவிசை ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். குழாய் சுவருக்கு மேல் ஆறடியைத் தாண்டினால், மூன்று திசைகளில் இழுகம்பி கட்டாமல் விடக்கூடாது.