வேலூரில் டிரிம்மர் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: கண்ணாடி மாதிரி மின்னும் அந்தக் கவரை நம்பாதீங்க

லாங் பஜாரை ஒட்டிய ஒரு கடையில் போன வாரம் தாடி டிரிம்மர் வாங்கினேன், 1,450 ரூபாய். யாரோ பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்ததை, மேலே புதுசாக ஷ்ரிங்க் ராப் சுற்றி என் தலையில் கட்டிவிட்டார்கள். பிளேடின் பற்களுக்கு நடுவே பொடிப்பொடியாக முடி இருந்தது. அடுத்தவர் முகத்தில் ஓடிய பிளேடு, காயம் பட்டிருந்தால் ரத்தமும் பட்டிருக்கும். இதை அற்ப விஷயமாக விட எனக்கு மனசு வரவில்லை.

கடைக்காரர் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "இன்னா சார், சீல் பிரிக்காத பாக்ஸைத்தானே வாங்கினு போனீங்க?" இந்தச் சீல் என்ற பேச்சில்தான் ஏமாற்றே இருக்கிறது. ஷ்ரிங்க் ராப் சீல் கிடையாது. அந்த பிலிமை இழுத்து நீட்டித்தான் தயாரிக்கிறார்கள், சூடு பட்டதும் அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும், அவ்வளவுதான் விஷயம். ஒரு ரோல் பிலிமும் சூடான காற்று ஊதும் ஒரு ஹீட் கன்னும் இருந்தால் எந்தக் கடையிலும் சுற்றிவிடலாம்.

ஆனால் கையால் சுற்றியது தடயம் விடும். பேக்டரியில் பெட்டி சூடான கூண்டுக்குள் பெல்ட்டில் போகும்போது எல்லாப் பக்கமும் ஓரளவு சீராகச் சூடாகும். ஹீட் கன்னில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் சூடாகும், அதனால் பிலிம் ஓர் இடத்தில் விறைப்பாகவும் பக்கத்திலேயே தொளதொளவென்றும் நிற்கும். இது நேராகப் பார்த்தால் தெரியாது. கடையில் வரிசையாக எல்இடி போட்டிருப்பார்கள், பெட்டி முழுக்க ஒரே பளபளப்பு, சுருக்கமெல்லாம் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். வீட்டில் ஒற்றை டியூப் லைட்டுக்குக் கீழே பெட்டியைச் சாய்த்தபோது பிலிமில் விழுந்த விளக்கின் பிம்பம் நடுவில் வளைந்து நெளிந்து, மூலையில் உடைந்து போனது. நன்றாகச் சுற்றிய பெட்டியில், தட்டையான பக்கத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் நேராக ஓடும். மூலையில் சின்னச் சுருக்கம் பேக்டரி பெட்டியிலும் இருக்கும், அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். என் பெட்டியில் மூலையில் பிலிம் காது மாதிரி தடித்து நீட்டிக்கொண்டிருந்தது, ஓர் இடத்தில் சூடு அதிகமாகி வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி மங்கியும் இருந்தது.

அதைவிடப் பெரிய சாட்சி அதற்கு அடியில் இருந்தது. பெட்டியின் மூடியில் கம்பெனிக்காரர்கள் ஒட்டும் வட்டமான கண்ணாடி ஸ்டிக்கர்தான் உண்மையான சீல். அதை நடுவில் பிளேடால் கீறியிருந்தார்கள். மேலே பளபளக்கும் பிலிம் இருப்பதால் கீறல் கண்ணில் படாது, சாய்த்துப் பிரதிபலிப்பை விலக்கினால்தான் மெல்லிய கோடாகத் தெரியும். இதை மறைக்கத்தான் மேலே பிலிம் சுற்றியதே என்று நினைக்கிறேன். அதனால் கடையிலேயே கையால் வெளிச்சத்தை மறைத்து மூடியின் விளிம்பைப் பாருங்க.

உள்ளே டிரிம்மரைப் பிடித்திருந்த கண்ணாடி பிளாஸ்டிக் தட்டிலும் அதே கதை. அந்த மாதிரி பிளாஸ்டிக்கை அழுத்தி மடித்தால் மடிப்பு வெள்ளையாகிவிடும், அப்புறம் எவ்வளவு நீவினாலும் பழையபடி தெளிவாகாது. என் தட்டின் பூட்டு மாதிரியான இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைக் கோடுகள். யாரோ பலமுறை திறந்து மூடியிருக்கிறார்கள்.

அட்டையில் ஒட்டி வரும் பிளிஸ்டரில், ரேசர் பிளேடு, மெமரி கார்டு எல்லாம் வருமே, அதில் ஓரத்தைப் பாருங்க. சூடு வைத்து ஒட்டியது சுற்றிலும் சீரான அகலத்தில் இருக்கும். பிரித்து மறுபடி பசை போட்டு ஒட்டியிருந்தால் அட்டையின் மேல்தாள் கிழிந்து பஞ்சு மாதிரி நார் எழும்பியிருக்கும், பசை அங்கங்கே மினுமினுக்கும்.

மறுநாள் திரும்பப் போனேன். வேறு பெட்டி தருகிறேன் என்று ஒன்றை எடுத்து நீட்டினார், அதிலும் மூலையில் அதே காது. அங்கேயே பிரிக்கச் சொன்னேன், ஸ்டிக்கர் அதிலும் கீறியிருந்தது. பணம் திருப்பித் தர முடியாது, வேண்டுமானால் வேறு பொருள் எடுத்துக்கோங்க என்றார். நான் எடுக்கவில்லை. பில், பிரித்த பிலிம், கீறிய ஸ்டிக்கரின் போட்டோ எல்லாம் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடையில் "எஸ்டிமேட்" என்று ஒரு துண்டுச் சீட்டைத்தான் முதலில் கொடுத்தார்கள், வற்புறுத்தித்தான் ஜிஎஸ்டி பில் வாங்கினேன். அந்தப் பில் கையில் இல்லாமல் அங்கிருந்து நகராதீங்க, வீட்டில் பிலிமைக் கிழிக்கும்போது வீடியோவும் எடுத்து வையுங்க.