ஊக்க ஊதிய உயர்வா, ஒரு முறை ஊக்கத்தொகையா? ஒரு கணக்கு

தமிழ்நாட்டு ஆசிரியர் அறைகளில் "ஒரு செட் வாங்கிட்டேன், இன்னொரு செட் பாக்கி" என்ற பேச்சு 2020 வரை சாதாரணம். ஒரு செட் என்றால், பணியில் இருந்தபடி கூடுதல் படிப்பு முடித்ததற்கு ஊக்க ஊதிய உயர்வாகக் கிடைத்த இரண்டு இன்க்ரிமென்ட். பணிக்காலம் முழுவதற்கும் அதிகபட்சம் இரண்டு செட், அதாவது நான்கு இன்க்ரிமென்ட். பட்டதாரி ஆசிரியர் ஒருவர் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்தால் முதல் செட்; எம்.எட். முடித்தால் இரண்டாவது. இடைநிலை ஆசிரியருக்கு இளங்கலைப் பட்டம் முதல் செட்டையும் பி.எட். இரண்டாவது செட்டையும் தந்தன.

10.03.2020 அன்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட அரசாணை எண் 37 இதை நிறுத்தியது. ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, எல்லா அரசு ஊழியர்களுக்கும். ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டவர்களுக்குக் கை வைக்கவில்லை. அதன் பிறகு 01.11.2021 நாளிட்ட மனிதவள மேலாண்மைத் துறை அரசாணை எண் 120 மூலம் வேறொரு ஏற்பாடு வந்தது: பட்டம் அல்லது பட்டயத்துக்கு 10,000 ரூபாய், முதுநிலைக்கு 20,000, முனைவர் பட்டத்துக்கு 25,000. ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது.

இரண்டும் 'ஊக்கம்' என்றே அழைக்கப்படுவதால் வித்தியாசம் சின்னதென்று தோன்றலாம். ஒருவரின் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித் தோன்றாது.

பட்டதாரி ஆசிரியருக்கு ஊதிய மேட்ரிக்ஸில் லெவல் 16. தொடக்கம் 36,400. ஐந்தாவது கட்டத்தில், அடிப்படை ஊதியம் 41,000 வாங்கும்போது ஒருவர் முதுகலை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் அவர் இரண்டு கட்டம் தாண்டி, 42,200-ஐக் கடந்து 43,500-க்குப் போயிருப்பார். மாதம் 2,500 ரூபாய் கூடுதல், அதுவும் அடிப்படையில். புதிய முறையில் 20,000 ரூபாய் கையில் வரும். அகவிலைப்படியைச் சேர்க்காமல் பார்த்தாலே, எட்டு மாதத்தில் பழைய முறை அந்த 20,000-ஐத் தொட்டுவிடும். அகவிலைப்படி 55 சதவீதம் என்று வைத்தால் மாத வித்தியாசம் 3,875 ஆகும். அப்போது ஆறாவது மாதத்திலேயே புதிய தொகை பின்தங்கிவிடும்.

இந்த 2,500 அப்படியே நிற்பதும் இல்லை. மேட்ரிக்ஸில் ஒவ்வொரு கட்டமும் சுமார் 3 சதவீதம் கூடுவதால், ஆண்டுதோறும் இருவரும் ஒவ்வொரு கட்டம் ஏறினாலும் இடைவெளி அகலும். பத்தாண்டு கழித்து செட் வாங்காதவர் 55,100-இல் இருப்பார், வாங்கியவர் 58,500-இல். வித்தியாசம் 3,400. அந்தப் பத்தாண்டிலும் அடிப்படை ஊதியத்தில் மட்டும் சேர்ந்த கூடுதல் 3,44,400 ரூபாய். எதிர்ப்பக்கம் நிற்பது அதே 20,000.

பணத்தின் அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அது எங்கே போய்ச் சேருகிறது என்பது. இன்க்ரிமென்ட் அடிப்படை ஊதியத்தில் ஏறுவதால் அகவிலைப்படியும், பங்களிப்பு ஓய்வூதியத்துக்கான 10 சதவீதமும், ஓய்வின்போது ஈட்டிய விடுப்பைப் பணமாக்கும் தொகையும் அதன் மேல்தான் கணக்கிடப்படும். ஊக்கத்தொகை இவை எதிலும் நுழையாது. அந்த மாதப் பட்டியலில் ஒரு வரி, வருமான வரிக் கணக்கில் ஒரு வரவு, அவ்வளவே.

மத்திய அரசு இந்தப் பாதைக்கு முன்னதாகவே வந்துவிட்டது. 15.03.2019 அன்று வந்த பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் சுற்றறிக்கைப்படி முனைவர் பட்டத்துக்கு 30,000. ஓராண்டுக்கு மேற்பட்ட முதுநிலைக்கு 25,000. ஓராண்டு அல்லது குறைவான முதுநிலைக்கு 20,000. மூன்றாண்டுக்கு மேற்பட்ட பட்டம், பட்டயத்துக்கு 15,000. மூன்றாண்டு அல்லது குறைவானதற்கு 10,000. தமிழ்நாட்டைவிடத் தொகை சற்றுக் கூடுதல். ஆனால் நிபந்தனைகளின் இடுக்கில்தான் பலரும் சிக்குகிறார்கள்.

அந்தப் பதவிக்கான பணியமர்வு விதிகளில் அவசியம் அல்லது விரும்பத்தக்க தகுதி என்று இருக்கும் படிப்புக்குப் பணம் கிடையாது. வெறும் கல்வி, இலக்கியப் பாடங்களுக்கும் கிடையாது. படிப்பு செய்கிற வேலையோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கும் எழுத்தர் ஒருவர் எம்.ஏ. வரலாறு முடித்தால், படிப்பில் குறையொன்றும் இல்லாவிட்டாலும் விண்ணப்பம் திரும்பும். அரசு செலவிலோ படிப்பு விடுப்பிலோ படித்தவருக்கும் இல்லை. பணிக்காலத்தில் அதிகபட்சம் இரண்டு முறை, இடையில் குறைந்தது இரண்டு ஆண்டு. தகுதி பெற்ற ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்பதுதான் அடிக்கடி நழுவுகிற நிபந்தனை. பட்டமளிப்பு விழா வரட்டும், அசல் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் கெடு கடந்துவிடும். தற்காலிகச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் வந்த உடனே விண்ணப்பித்து, ஒப்புகையை வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் தகராறு வேறு இடத்தில். 10.03.2020-க்கு முன்பே தேர்ச்சி பெற்று, அனுமதி ஆணை கைக்கு வராமல் நின்றுபோனவர்கள் பலர். வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின. இவர்களுடைய கோப்பில் பார்க்க வேண்டியது, தகுதி எந்த நாளில் பெறப்பட்டது என்பதற்கான ஆதாரம். தேர்வு முடிந்த நாள், முடிவு வெளியான நாள், பட்டச் சான்றின் நாள் மூன்றும் வேறுவேறு. பட்டம் 2020 ஆகஸ்டில் வழங்கப்பட்டிருந்தாலும், கடைசித் தேர்வு 2019 டிசம்பரில் முடிந்ததைக் காட்ட ஹால் டிக்கெட்டும் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையும் இருந்தால் வாதத்துக்கு இடம் உண்டு. அவற்றைத் தூக்கிப் போட்டவர்கள் பிறகு பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடக்க நேரிடுகிறது.

பழைய செட் வாங்கியவர்களும் ஒரு தடவை பணிப்பதிவேட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. உயர்கல்விக்கான துறை முன் அனுமதி, படிப்பு முடித்ததற்கான பதிவு, சான்றிதழின் உண்மைத்தன்மை, அனுமதி ஆணையின் எண்ணும் நாளும், நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டால் அது அமைதியாகக் கிடந்து, ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும் நேரத்தில் தணிக்கைத் தடையாக வரும். அப்போது கையெழுத்திட்ட தலைமையாசிரியர் இருக்கமாட்டார், பள்ளியின் பழைய கோப்பும் இருக்காது. முன் அனுமதிக் கடிதத்தின் நகலைத் தனியாக வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் இப்போது படிக்கத் தொடங்குபவருக்கு ஊக்கத்தொகை ஒரு காரணமா? அதற்காக மட்டும் படிப்பதில் கணக்கு உதைக்கிறது. முதுகலையின் உண்மையான பணமதிப்பு இப்போது பதவி உயர்வில் இருக்கிறது. மேலே சொன்ன அதே ஆசிரியர் 41,000-இல் இருக்கும்போது முதுகலை ஆசிரியராக உயர்கிறார் என்றால், ஒரு இன்க்ரிமென்ட் சேர்த்து 42,200 ஆக்கி, லெவல் 18-இல் அதற்கு அடுத்த கட்டமான 42,700-இல் பொருத்துவார்கள். மாதம் 1,700 கூடுதல், ஓராண்டில் 20,400. ஆக, ஒரே ஆண்டில் ஊக்கத்தொகையைத் தாண்டியாகிவிட்டது. ஆனாலும் மாதக் கணக்கில் இது பழைய செட் தந்த 2,500-ஐவிடக் குறைவு. அதனோடு வேறு பள்ளிக்கு மாறுவதும் மேல்நிலை வகுப்புகளின் சுமையும் வரும்.

இந்த வழியில் பணம் கைக்கு வர, தேர்ந்தெடுக்கும் பாடம் சரியாக இருக்க வேண்டும். ஊக்கத்தொகைக்கு எந்த முதுகலையும் ஒரே விலைதான். பதவி உயர்வுப் பட்டியல் பாடவாரியாகத் தயாராகிறது; பட்டப்படிப்பின் பாடமும் முதுகலையின் பாடமும் ஒன்றா வேறா என்பதை அங்கே பார்க்கிறார்கள். கட்டணம் கட்டுவதற்கு முன், தன் பாடத்தின் நடப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் எத்தனை பேர் எந்தத் தகுதியோடு முன்னால் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், பதவி உயர்வு எத்தனை ஆண்டு தள்ளி வரும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஓய்வுக்கு நான்கைந்து ஆண்டே இருக்கிறவருக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் சாதகமாக இருக்காது. அவருக்கு 20,000 ரூபாயும் படிப்பின் செலவும் நேருக்கு நேர் நிற்கும்.